உம் கொட்டும் இடைவெளி

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வாருங்கள், மின்விசிறிக் காற்று எல்லாருக்கும் போதும். ஒரு கதை சொல்லப்போகிறேன். நடுவில் எழுந்து போகிற கதை இல்லை இது, அதனால் தண்ணீர் குடிக்கிறவர்கள் இப்போதே குடித்துவிடுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன்: நான் நிறுத்துகிற இடத்தில் நீங்கள் 'ம்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என்ன என்கிறீர்களா? அதுதான் கதையே.

புக்கிட் பாஞ்சாங்கில் சந்திரமதி என்றொரு பெண். நடுத்தர வயது, சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள், எக்ஸ்போ பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை. வீடு ரயில் பாதையின் ஒரு கோடி என்றால் ஆபீஸ் மறு கோடி. போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர ஒரு மணி நேரத்துக்கு மேல். அந்தப் பயணத்தை அவள் காதால்தான் கடந்தாள். இரவில் வீட்டு வைஃபையில் பாட்காஸ்டுகளையும் ஒலிப்புத்தகங்களையும் இறக்கி வைத்துக்கொள்வாள். சுரங்கத்துக்குள் சிக்னல் இழுத்தாலும் கதை அறுபடாது. கேட்டு முடித்ததை ஆப் தானாகவே அழித்துவிடும், போனில் இடம் அடையாது. தலையணை கனத்துக்கு ஒரு நாவல் என்றாலும் ஒன்றரை வேகத்தில் வைத்து ஒரு வாரத்தில் முடித்துவிடுவாள்.

வேகம் போதாதென்று இன்னொரு வசதியையும் அவள் போட்டு வைத்திருந்தாள். அமைதியைத் தாண்டிப் போகிற வசதி. பேசுகிறவர் கொஞ்சம் நிறுத்தினால், சத்தம் தணிந்தால், அந்த இடத்தில் ஒன்றுமில்லை என்று ஆப் முடிவு கட்டிவிடும். அதை விழுங்கிவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவும். கேட்கிறவருக்கு அங்கே ஓர் இடைவெளி இருந்ததே தெரியாது.

அவள் விரும்பிக் கேட்டது 'உம் கொட்டுங்க' என்ற பாட்காஸ்ட். கதை சொன்னவள் அனுப்ரியா. திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்த பெண், சந்திரமதியின் அதே புளோக்கில் இரண்டு மாடி கீழே குடியிருந்தவள். புருஷன் ரகுபதிக்கு நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை. அவன் வேலை அனுமதியை ஒட்டித்தான் அவள் இந்த ஊரில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காய்கறிக்கும் மீனுக்கும் லிட்டில் இந்தியாவிலிருக்கும் தேக்கா சந்தைக்குப் போகும்போது ரயிலில் அனுப்ரியா கதை சொல்லுவாள். சொல்லிக்கொண்டே வந்து, "கேட்குறீங்களா?" என்று நிறுத்துவாள். சந்திரமதி 'ம்' என்றால்தான் மேலே நகருவாள். "இதை ரெக்கார்ட் பண்ணி போடுடி, என் ரயிலுக்கு ஆகும்" என்று கிளப்பிவிட்டதே சந்திரமதிதான்.

பாட்காஸ்ட் தொடங்கிய புதிதில் ஒருநாள், அதே தேக்கா ரயிலில், பேச்சு இப்படிப் போனது.

"ஏங்க்கா, 'கேட்குறீங்களா'ன்னு நான் நிறுத்துற இடத்தையெல்லாம் உங்க ஆப்பு தின்னுடுதாமே?"

"பின்னே? நீ இழுத்து இழுத்துப் பேசுற. ஆபீஸ் வர்றதுக்குள்ள முடிக்க வேண்டாமா?"

"அப்ப 'ம்' யாரு சொல்லுவா?"

அவள் முகம் நிஜமாகவே வாடிப்போனது. சந்திரமதிக்கு மனசு கேட்கவில்லை. "அட, பகல்ல மட்டுந்தான்டி அப்படி. ராத்திரி படுக்கையில நார்மல் ஸ்பீடுல வச்சு, எதையும் வெட்டாம, முதல்லேர்ந்து நிதானமா கேட்பேன். ஸ்லீப் டைமர் பதினஞ்சு நிமிஷம். நீ 'கேட்குறீங்களா'ன்னா நான் 'ம்'ம்பேன். அப்புறந்தான் தூக்கம்."

"நெசமாவா?"

"நெசமாதான்."

அது பொய். டைமர் வைத்தது உண்மை. ஆனால் வேகத்தை ஒருநாளும் அவள் குறைத்ததில்லை, அமைதியை வெட்டுகிற பொத்தானைத் தொட்டதும் இல்லை. சின்னப் பெண்ணின் மனம் குளிரட்டுமே என்று சொன்ன சொல். நாமெல்லாரும் சொல்லுகிறதுதானே கண்ணுகளா?

"இவரும் உங்க பகல் கட்சிதான்" என்று அனுப்ரியா எதிர் இருக்கையைக் கண்ணால் காட்டினாள். ரகுபதி காதில் கருவி மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். "நான் பேசினதை இவர் கேட்டு ஓகே சொன்னாத்தான் ஏத்துவார். டபுள் ஸ்பீடு, ஒரு மூச்சு கூட மிஞ்சாது."

அதற்கப்புறம் அவர்கள் வீடு மாறினார்கள். தெம்பனிஸ் பக்கம் என்று ரகுபதி சொன்னான். முன்பெல்லாம் வாய்ஸ் மெசேஜில் வாய் ஓயாதவள், இப்போது எழுத்தில் மட்டும் பதில் அனுப்பினாள். 'நலம் அக்கா. வேலை அதிகம்.' ஒவ்வொரு வரிக்கும் முற்றுப்புள்ளி. வீட்டுக்கு வரட்டுமா என்றால், 'பிறகு பார்க்கலாம்.' சந்திரமதி கொஞ்சம் வருத்தப்பட்டாள், கொஞ்சம் கோபப்பட்டாள், பிறகு விட்டுவிட்டாள். ஆனால் பாட்காஸ்ட் மட்டும் வாரம் தவறாமல் வந்தது. தொடக்கத்தில் இசை, 'தயாரிப்பு ரகுபதி' என்று அவன் குரல், பிறகு இவள் கதை. குரல் கேட்கிறதே, நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போதுதான் 'ம்' சொல்ல வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை. முந்தின நாள்தான் சந்திரமதி புதுப் போன் வாங்கியிருந்தாள். இரவே ஆப்பைப் போட்டு, 'உம் கொட்டுங்க' கதைகளை மொத்தமாக இறக்கியும் வைத்துவிட்டாள். பழைய போனை ஆபீஸுக்குக் கீழே இருக்கும் கடையில் கொடுக்கலாம் என்று சார்ஜ் போட்டுக் கைப்பையில் எடுத்துக்கொண்டாள். பழைய போனில் இருந்த அமைப்புகள் எதுவும் புதியதற்கு வரவில்லை. வேகம் சாதாரண வேகம். அமைதியைத் தாண்டும் வசதி அணைந்து கிடந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

ரயிலில் பக்கத்தில் சுதா. ஒரே ஆபீஸ், ஒரே ஸ்டேஷன், வயதில் இளையவள், வாயில் பெரியவள். தன் போனில் தன் பாட்டுக்கு என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று காலை வெளியாகி, போனில் தானாகவே இறங்கியிருந்த புதுக் கதையைச் சந்திரமதி தட்டினாள். அனுப்ரியாவின் குரல் ஏதோ இழுபட்டாற்போல் இருந்தது. களைத்துப்போன ஒருத்தி பேசுகிற மாதிரி. 'அட, வேகத்தை ஏற்றவில்லையே' என்று திரையைத் தொடப்போனாள். ரயில் ஹில்வியூவில் நின்று கதவு மூடிக்கொண்டது.

"...ராஜா கதவைத் திறந்தாரு. உள்ளே யாரும் இல்லை. கேட்குறீங்களா?"

பிறகு அமைதி. அந்த அமைதிக்குள், மூச்சுக்காற்றைவிடக் கொஞ்சமே பெரிதாக, ஒரு குரல்.

"சந்திரா அக்கா. தூங்கிட்டீங்களா?"

சந்திரமதி விருட்டென்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒரு சீனத் தாத்தா கண்ணயர்ந்திருந்தார். காதுக்குள் கதை ராஜாவோடு போய்க்கொண்டிருந்தது.

"சுதா, இதைக் கொஞ்சம் கேளேன்" என்று ஒரு காதுக் கருவியைக் கழற்றிக் கொடுத்துப் பின்னால் நகர்த்திப் போட்டாள்.

சுதா முகத்தைச் சுளித்தாள். "யாரோ பின்னாடி பேசுறாங்கக்கா. எடிட்டிங் சொதப்பல். என் போன்ல அப்படி ஒன்னும் வரலையே, நானும் இந்த ஷோ கேட்கிறேன்ல."

"நீ எந்த ஸ்பீடு?"

"டபுள். சைலன்ஸ் எல்லாம் கட். யாருக்குக்கா டைம் இருக்கு?" பேசிக்கொண்டே சுதாவின் கட்டைவிரல் தன் போனில் ஓடியது.

சந்திரமதி இன்னொரு முறை பின்னால் தள்ளினாள். சத்தத்தை ஏற்றினாள். 'சந்திரா அக்கா. தூங்கிட்டீங்களா? நான்...' அதற்கு மேல் ரயிலின் இரைச்சல். மறுபடி தள்ள வேண்டும். புதுப் போன், பழகாத திரை. பின்னால் இழுக்க வேண்டிய கோடு முன்னால் வழுக்கிக் கடைசி வரைக்கும் ஓடிவிட்டது. கதை முடிந்ததாக ஆப் நினைத்தது. முடிந்ததை அழித்துவிட்டது.

"ஐயோ, போச்சே."

"விடுங்கக்கா, திரும்ப டவுன்லோட் பண்ணிக்கலாம். நான் கமென்ட் போட்டுட்டேன். 'கதை நடுவுல யாரோ ரகசியமா பேசுற சத்தம் வருது, செக் பண்ணுங்க'ன்னு. பாவம், அவங்களே கவனிச்சிருக்க மாட்டாங்க."

சந்திரமதி மெல்லத் தலையைத் தூக்கினாள். "என்ன பண்ணினே?"

"கமென்ட். ஹெல்ப் பண்ணலாம்னு..."

"அழி. சுதா, அதை உடனே அழி."

அழிக்கத்தான் போனாள் சுதா. அதற்குள் அந்தக் கமென்டுக்குக் கீழே பதில் வந்திருந்தது. அனுப்பியது 'உம் கொட்டுங்க'.

'நன்றி. பார்க்கிறேன்.'

முற்றுப்புள்ளியோடு.

அந்தப் புள்ளியைப் பார்த்ததும் சந்திரமதிக்குப் பழைய மெசேஜ்கள் நினைவுக்கு வந்தன. இத்தனை மாதமாகத் தனக்கு 'நலம்' என்று எழுதிய கை எது என்று அப்போது புரிந்துவிட்டது.

முந்தின வாரத்துக் கதையைத் திறந்தாள். இந்த முறை விரலை வைத்து நிதானமாக. முதல் 'கேட்குறீங்களா?' எங்கே வருமென்று அவளுக்குத் தெரியாதா? அனுப்ரியா எப்போதுமே கதை சூடு பிடிக்கிற இடத்தில்தான் நிறுத்துவாள். அங்கே போய்க் காத்திருந்தாள்.

"அக்கா, போன் அவர்கிட்ட. வெளியே பூட்டிட்டுப் போறார்."

அதற்கு முந்தினது.

"ஞாயித்துக்கிழமை பார்த்தேன். பச்சைக் குடை. நீங்க நிமிர்ந்தே பார்க்கல."

சந்திரமதியின் பச்சைக் குடை காலடியில் சாய்ந்து கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் போகிற இடம் ஒன்றுதான்.

"அவ தெம்பனிஸ்ல இல்ல" என்றாள். "சுதா, அவ தேக்காவுல இருக்கா."

இன்னொரு கதை. "சந்தைக்கு மேலே, அக்கா." இன்னொன்று. "பதினோராவது மாடி. கடைசி வீடு." ஒவ்வோர் இடைவெளியிலும் சில சொற்கள்தான். அடுத்த அறையில் அவன் இருக்கும்போது, அவன் வாங்கிக் கொடுத்த மைக்கில், அவனே ஏற்றிவிடப்போகிற கதைக்குள், அந்தச் சில சொற்களைத்தான் அவளால் ஒளித்துவைக்க முடிந்தது. இரட்டை வேகத்தில் அமைதியை வெட்டிக் கேட்கிற அவன் காதுக்கு அது எட்டாது. இரவில் நிதானமாகக் கேட்டு 'ம்' சொல்கிற ஒரு காதுக்கு மட்டும் எட்டும் என்று நம்பியிருந்தாள். அந்தக் காதும் அமைதியை வெட்டிக்கொண்டுதான் படுத்திருந்தது என்பது அவளுக்குத் தெரியாது.

ஜன்னலைத் திறந்து கத்தலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு கதையில் பதில் இருந்தது. "எனக்குப் புத்தி சரியில்லைன்னு அக்கம்பக்கத்துல சொல்லி வச்சிருக்கார்."

ரயில் பியூட்டி வோர்ல்டைத் தாண்டியிருந்தது. சுதா தன் போனைச் சந்திரமதியிடம் நீட்டினாள். "அக்கா, என் போன்ல புது எபிசோட் திறக்கல. இப்ப கிடைக்காதுங்குது. இருங்க... பழசும் ஒன்னொன்னா காணாமப் போகுது. அவன் எடுக்கிறான்கா. இப்பவே உட்கார்ந்து எடுத்துட்டிருக்கான்."

சுதா நேரடியாக இணையத்திலிருந்து கேட்கிறவள். மூலத்தில் எடுத்தால் அவளிடம் ஒன்றும் மிஞ்சாது. சந்திரமதியிடம் இருப்பது இறக்கி வைத்த பிரதி. ஆனால் ஆப் தன்னைப் புதுப்பித்துக்கொண்டால் அதையும் தூக்கிவிடுமோ என்னவோ, யார் கண்டது? கேட்டு முடித்ததை அழிக்கும் அமைப்பை முதலில் அணைத்தாள். பிறகு போனை ஃபிளைட் மோடில் போட்டாள். வெளியுலகத் தொடர்பே இல்லாமல், உள்ளே அந்தக் குரலோடு, அந்தப் போன் அவள் கையில் கனத்தது.

"உன் போன்லேர்ந்து போலீஸுக்குப் பேசு. முகவரி சொல்லு. வீட்டுக்காரனுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு, அவன் திரும்பிப் போறதுக்குள்ள வரணும்னு சொல்லு."

"அக்கா, நான்தான் கமென்ட் போட்டு..."

"அழுவாதே. பேசு."

பொட்டானிக் கார்டன்ஸ். ஸ்டீவன்ஸ். நியூட்டன். தினமும் இதே சுரங்கத்தில், அனுப்ரியாவின் ஜன்னலுக்கு நேர் கீழே, அவள் குரலையே காதில் வைத்துக்கொண்டு, தான் இரண்டு தடவை போய் வந்திருக்கிறோம் என்ற நினைப்பு அவளை விடவில்லை. சுதா வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினாள். ஆள் அனுப்புகிறார்களாம்.

லிட்டில் இந்தியாவில் கதவு திறந்தது. நடைமேடையில் ஏறக் காத்திருந்த வரிசையில் மூன்றாவதாக ரகுபதி நின்றான்.

காதில் கருவி. கண் போனில். தேய்த்த சட்டை, தோளில் ஆபீஸ் பை. சந்திரமதியும் சுதாவும் பக்கத்துக் கதவால் இறங்கிக்கொண்டார்கள். முன்னால் நின்றவர்கள் ஏறினார்கள். அவன் ஏறவில்லை. திரையில் ஏதோ ஒன்றைத் தட்டினான், கேட்டான், மறுபடி பின்னால் தள்ளிக் கேட்டான். அவன் இப்போது சாதாரண வேகத்தில் கேட்கிறான் என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது. கதவு மூடி ரயில் கிளம்பியது. அவன் முகத்தில் கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது. சட்டைப் பித்தானில் ஒன்று அவிழ்ந்திருப்பதைக் கண்டுகொண்டவன் மாதிரி, நிதானமாகப் போனைப் பைக்குள் போட்டுவிட்டு எஸ்கலேட்டர் பக்கம் திரும்பினான்.

சந்திரமதி புதுப் போனை சுதாவின் கையில் திணித்தாள். "அவனுக்கு உன்னைத் தெரியாது. நீ முந்திப் போ. போலீஸ் வந்ததும் இதைக் கேட்க வை. ஃபிளைட் மோடை எடுத்துடாதே."

"நீங்க?"

"நான் கதை சொல்லப்போறேன்."

சுதா படிகளில் ஓடினாள். சந்திரமதி காதுக் கருவிகளைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். எஸ்கலேட்டரின் அடியில் அவன் முழங்கையைத் தொட்டாள்.

"யாரு, ரகுபதியா! அடேயப்பா, பார்த்து எத்தனை நாளாச்சு! தெம்பனிஸ்லேர்ந்து இவ்வளவு காலையில இங்க என்ன?"

அவன் திரும்பினான். ஒரு கணம்தான். உடனே சிரித்தான். "ஓ, அக்காவா. ஒரு கிளையண்டைப் பார்க்க வந்தேன். நீங்க ஆபீஸ் போகல?"

"மாலை வாங்கணும்பா. ஆபீஸ்ல சாமி படத்துக்கு. அனு எப்படி இருக்கா? ஒரு போன் கிடையாது, ஒன்னு கிடையாது. பெரிய மனுஷி ஆயிட்டாளா?"

"நல்லா இருக்கா. பிஸி." எஸ்கலேட்டரில் இருவரும் அருகருகே ஏறினார்கள். அவன் அவளையே பார்த்துக்கொண்டு வந்தான். "அவ கதையெல்லாம் இன்னும் கேட்குறீங்களா அக்கா?"

"கேட்காம? அது இல்லாட்டி எனக்கு ரயில் ஓடாது."

"ராத்திரியிலயும் கேட்பீங்களாமே. டைமர் வச்சு."

மேல்படி வந்துவிட்டது. அவள் கால் இடறியது. அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். பிடித்த கையை விடவில்லை. அனுப்ரியா அதை அவனிடம் எப்போதோ சிரித்துக்கொண்டே சொல்லியிருக்க வேண்டும், நல்ல நாளில். 'தூங்கிட்டீங்களா' என்ற ஒரு சொல்லிலிருந்து யாரைத் தேட வேண்டும் என்று அவன் கண்டுகொண்டுவிட்டான். அல்லது பெயரையே கேட்டுவிட்டான்.

"எங்கப்பா," என்று சிரித்தாள் சந்திரமதி. "தலையைச் சாய்ச்சா செத்த மாதிரி தூங்குறவ நான். அவகிட்ட சும்மா சொன்னது. பகல்லயே நேரமில்ல, ஒன்றரை ஸ்பீடு."

"போனைக் காட்டுங்க அக்கா. ஆப் சரியா அப்டேட் ஆகியிருக்கான்னு பார்த்துத் தரேன். நிறைய பேருக்கு ஏதோ சத்தம் வருதாம்."

கையை நீட்டினான். வருவோரும் போவோரும் அவர்களைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். சந்திரமதி பைக்குள் கைவிட்டு, கடையில் கொடுக்க வைத்திருந்த பழைய போனை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

அவன் ஆப்பைத் திறந்தான். இறக்கி வைத்தவை: ஒன்றுமில்லை. கேட்டதையெல்லாம் அதுவே அழித்திருந்தது. வேகம்: ஒன்றரை. அமைதியைத் தாண்டு: போட்டிருந்தது. கதைகளுக்கெதிரே வரிசையாகக் கேட்டு முடித்த அடையாளம். அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவளுடைய பொய்யெல்லாம் அந்தச் சின்னத் திரையில் வரிசையாக இருந்தது. ஒரு பெண்ணின் குரலை மாதக்கணக்காகக் கேட்டும் கேட்காமல் போனதற்கான சாட்சி அது. அந்தச் சாட்சியே இப்போது அவளைக் காப்பாற்றியது.

ரகுபதியின் தோள் தளர்ந்தது. "அப்ப நீங்க முழுசா கேட்கிறதே இல்லையாக்கா?" குரலில் கிண்டல்கூட வந்துவிட்டது.

"யாருக்குப்பா நேரம் இருக்கு?"

"அனுகிட்ட சொல்றேன், ரொம்ப வருத்தப்படுவா." போனைத் திருப்பிக் கொடுத்தான். "சரிக்கா. ஒரு ஃபைலை மறந்துட்டேன். வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வரேன்."

"தெம்பனிஸுக்கா?"

வாய் தவறி வந்துவிட்டது. அவன் நின்றான். அவன் மௌனத்தையும் சந்திரமதி முழுசாகக் கேட்டாள். பிறகு அவன் பஃபலோ ரோடு பக்கத்து வாசலை நோக்கி நடந்தான். கொஞ்சம் போனதும் ஓடினான்.

சந்திரமதியும் ஓடினாள். மல்லிகைக் கடையையும் காய்கறிக் கூடைகளையும் தாண்டி, மீன் வாடை வீசும் சந்தையின் ஓரமாக. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த இடத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். மேலே எத்தனையோ ஜன்னல்கள். ஒன்றில் கம்பிக்குப் பின்னால் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. அவன் ஏறிய லிஃப்ட் மூடிக்கொண்டது. அடுத்தது வரும்வரை அவள் பச்சைக் குடையின் பிடியைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

பதினோராவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்தபோது பேச்சுக்குரல் கேட்டது. கடைசி வீட்டின் முன்னால் இரண்டு போலீஸ்காரர்கள். ஒருத்தி தமிழ்ப்பெண், யும்னா என்று சட்டையில் பெயர். சுதா சுவரில் சாய்ந்து புதுப் போனை நெஞ்சோடு அணைத்திருந்தாள். இரும்புக் கதவில் வெளிப்பூட்டு. ரகுபதி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, திறக்காமல் பேசிக்கொண்டிருந்தான். வேகமாக, மூச்சு விடாமல்.

"அவளுக்கு மனசு சரியில்ல மேடம், ஊர்லயே வைத்தியம் பார்த்தது, தனியா விட்டா குதிச்சிருவா, அதனாலதான் பூட்டுறது, பக்கத்து வீட்ல கேளுங்க, தனக்குத்தானே முணுமுணுத்துட்டே இருப்பா..."

"கொஞ்சம் நிறுத்துங்க சார்" என்றாள் யும்னா. கம்பிக்கு அப்பால் இருட்டிக் கிடந்த கூடத்தைப் பார்த்து, "தங்கச்சி, இவர் சொல்றது சரியா?" என்று கேட்டாள்.

பதிலில்லை.

"பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல..."

"நிறுத்துங்கன்னேன்."

கீழே சந்தையின் இரைச்சல் மட்டும். சந்திரமதி அந்த இரும்புக் கதவின் முன்னால் போய் நின்றாள். உள்ளே ஒரு மூலையில் வெளுத்த நைட்டி தெரிந்தது, தோள்பட்டை எலும்பு தெரிந்தது. அந்த அமைதி நீண்டது. அதை வெட்டிவிட அங்கே எந்தப் பொத்தானும் இல்லை. அவள் காத்திருந்தாள்.

உள்ளேயிருந்து, மூச்சுக்காற்றைவிடக் கொஞ்சமே பெரிதாக:

"அக்கா. தூங்கிட்டீங்களா?"

"இல்லடி. முழிச்சுட்டேன்" என்றாள் சந்திரமதி. கம்பியைப் பற்றிக்கொண்டாள். "ம். சொல்லு. ம்."

அனுப்ரியா வெளிச்சத்துக்கு வந்தாள். கட்டிய தழும்பு தெரிந்த மணிக்கட்டு இரண்டையும் யும்னாவிடம் நீட்டிக் காட்டினாள். பிறகு பேச ஆரம்பித்தாள், உரக்க. யும்னா ரகுபதியின் கையிலிருந்து சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்தாள்.

அதற்கப்புறம் கேஸ், விசாரணை, அனுப்ரியா தங்கப் பாதுகாப்பான இடம், அதெல்லாம் நடக்கிற விதத்தில் நடந்தது. இறக்கி வைத்த கதைகளைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. ஒன்றுதான் குறை: அந்தத் திங்கட்கிழமை வழுக்கின விரல் அழித்த புதுக் கதை. அது சந்திரமதியை உறுத்திக்கொண்டே இருந்தது. கொஞ்ச நாள் கழித்து, பார்க்கப் போயிருந்த ஒரு மாலையில் கேட்டேவிட்டாள்.

"'சந்திரா அக்கா, தூங்கிட்டீங்களா, நான்'னு ஆரம்பிச்சியே. அப்புறம் என்ன சொன்னே?"

அனுப்ரியா டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது. ஜன்னலைப் பார்த்தாள். அந்த வீட்டு ஜன்னலுக்குக் கம்பி கிடையாது.

"அடுத்த வாரம் கதை சொல்ல நான் உயிரோட இருக்க மாட்டேன்னு நெனச்சிருந்தேன்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சந்திரமதியும் மேலே கேட்கவில்லை. 'ம்' என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் அடுத்த சொல் பேசும்வரை எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

இப்போதும் அவள் அதே ரயிலில்தான் போகிறாள். வேகத்தை ஏற்றுவதில்லை. புத்தகங்கள் மெதுவாகத்தான் முடிகின்றன. வண்டி லிட்டில் இந்தியாவை நெருங்கும்போது ஒரு காதுக் கருவியைக் கழற்றிவிடுகிறாள். எதையோ காதுகொடுத்துக் கேட்கிறவள் மாதிரி தலையைச் சாய்த்துக்கொள்கிறாள். கதவு மூடும்வரை அப்படியே இருக்கிறாள்.

கதை முடிந்தது கண்ணுகளா. 'ம்' சொன்ன வாய்களெல்லாம் இனித்திருக்கட்டும். உங்கள் வீட்டுக் கதவுகள் உள்ளிருந்து திறக்கிற கதவுகளாக இருக்கட்டும். உங்கள் கூரைக்குக் கீழே யார் பேசினாலும், பேசாமல் நிறுத்தினாலும், அதைக் கேட்டுச் சொல்ல ஒரு 'ம்' எப்போதும் இருக்கட்டும். அடுப்பு அணையாமல், பிள்ளைகள் பசியாமல், எல்லாரும் நன்றாகத் தூங்கி நன்றாக விழித்து, உங்கள் குடும்பம் தழைத்து வாழட்டும்.